அக்காவுக்கு 8 மாதம் கழித்து எழுதும் பதில்

"போன ஆகஸ்ட்ல என் பழைய ஆபீஸ் சீனியர் அக்கா வாட்ஸப்ல பெருசா ஒரு மெசேஜ் போட்டிருந்தாங்க. அவங்க அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில இருக்காங்க, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, உன் ஞாபகம் வந்துச்சு, பாப்பா ஸ்கூல் போக ஆரம்பிச்சுட்டாளா, நீ எப்படி இருக்கேன்னு. நிதானமா எழுதலாம்னு வெச்சேன். இப்ப ஏப்ரல். புளூ டிக் அன்னிக்கே விழுந்திருச்சு. நடுவுல பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினேன், அதுக்கும் பதில் இல்லை. கோபமா இருக்காங்க போல. எனக்கு வேலை கத்துக் கொடுத்தவங்க. இப்ப என்ன எழுதி மறுபடி பேச ஆரம்பிக்கிறது?"

இன்றைக்கு எதுவும் எழுதாதீர்கள். முதலில் விசாரியுங்கள்.

பொங்கல் வாழ்த்துக்குப் பதில் வராததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும் வேறு பயம் வந்தது. வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்கு அடுத்த ஒரு வருடம் கவலைக்குரிய வருடம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருந்தாலும் படுக்கையில் கிடப்பதால் சளி கட்டுவது, ரத்தம் உறைவது, புண் வருவது என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். ஐந்தில் ஒருவராவது அந்த ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை என்பது பல நாடுகளில் பார்த்த கணக்கு. அம்மா தவறியிருந்தால் அந்த வீட்டில் இந்த வருடம் பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது. கரும்பும் பானையும் போட்ட வாழ்த்துப் படத்துக்கு அக்கா என்ன பதில் போடுவார்? "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லம்மா" என்று எழுத வேண்டும். அதை எழுத மனம் வராமல் போனைக் கீழே வைத்திருக்கலாம்.

அப்படித்தான் நடந்திருக்கும் என்று சொல்லவில்லை. அம்மா நன்றாக இருக்கலாம். அக்கா அந்தப் படத்தை நூறு ஃபார்வர்டுகளோடு ஒன்றாகத் தள்ளிவிட்டும் இருக்கலாம். ஆனால் எது என்று தெரியாமல் எழுதினால் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவும் முடியாது, கேட்காமல் விடவும் முடியாது. கேட்டு, அம்மா இல்லை என்றால் அது இரண்டாவது காயம். கேட்காமல் விட்டால், அவர் எழுதியதில் முக்கியமானதையே நீங்கள் தாண்டிப் போனதாக ஆகும்.

விசாரிப்பது பெரிய வேலை இல்லை. பழைய ஆபீஸில் இன்னும் இருக்கும் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, "அக்காவோட அம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சே, இப்ப எப்படி இருக்காங்க, ஏதாவது தெரியுமா?" என்று நேராகவே கேளுங்கள். ஆபீஸ் குரூப்பில் கேட்க வேண்டாம். அக்காவும் அதில் இருப்பார். அவருடைய வாட்ஸப் படம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். தவறியவர்களின் படத்தை வைப்பது நம்மூரில் பரவலான வழக்கம். அது மாறவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் வேலை. ஒரு மாத இதழில் 16 வருடம் வாசகர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்கள் கட்டுக்கட்டாக வரும், ஆள் குறைவு, பல பதில்கள் ஆறு மாதம் ஏழு மாதம் தாமதமாகத்தான் போகும். ஒருமுறை ஒரு பெரியவர் தன் மனைவி எங்கள் இதழின் சமையல் பக்கத்தை வெட்டி ஒட்டிவைக்கும் நோட்டைப் பற்றி ஆசையாக எழுதியிருந்தார். ஐந்து மாதம் கழித்து, "அம்மாவின் நோட்டில் இப்போது எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது?" என்று கேட்டு எழுதினேன். நோட்டு அதே பக்கத்தில் நின்றுவிட்டது என்று ஒரு வரியில் கார்டு வந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் பழைய கடிதம் எதுவானாலும், இந்த இடைவெளியில் அந்த வீட்டில் என்னென்ன நடந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசிக்காமல் பேனாவை எடுத்ததில்லை.

அதே வேலையில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். தாமதமான பதில் கிடைத்து மறுபடி எழுதுகிறவர்களில் தாமதத்தைப் பற்றிக் குறைப்பட்டவர்கள் மிகக் குறைவு. "நான் எழுதியதை நினைவு வைத்து எழுதியிருக்கிறீர்கள்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதாவது பதில் வராதபோது மனதில் உறுத்துவது எத்தனை நாள் ஆயிற்று என்பதில்லை. நாம் மெனக்கெட்டுச் சொன்னது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லையோ என்பதுதான். உங்கள் அக்கா ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, வேறு எத்தனையோ பேர் இருக்க, உங்களை நினைத்து எழுதியிருக்கிறார். நீங்கள் ஆற்ற வேண்டியது அந்த இடத்தை. அதை "மன்னிச்சிடுங்க" என்ற சொல் ஆற்றாது. அவர் எழுதியதற்கு நீங்கள் எழுதும் பதில் ஆற்றும்.

ஆகவே எழுத உட்காரும் முன் அவருடைய ஆகஸ்ட் மெசேஜைத் தேடி எடுத்து முழுதாக ஒருமுறை படியுங்கள். நாம் நினைவில் வைத்திருப்பது அதன் சாரம் மட்டும்தான். ஆனால் பதில் எழுத வேண்டியது அவர் எழுதிய சொற்களுக்கு. "ராத்திரி தூக்கமில்லை" என்று எழுதியிருக்கிறாரே, அதை இப்போது கேட்க வேண்டும். பாப்பாவைக் கேட்டிருக்கிறாரே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மறையும் மெசேஜ் வசதியை யாராவது போட்டு வைத்திருந்தால் அது 90 நாளைக்குள் போயிருக்கும். அப்படியானால் நினைவில் இருப்பதைக் கொண்டு எழுதுங்கள். இன்னொரு தடவை அனுப்பச் சொல்லாதீர்கள்.

அம்மா தேறிவிட்டார்கள், நடமாடுகிறார்கள் என்று தெரியவந்தால் நான் இப்படி எழுதுவேன். ஆபீஸ் சமாசாரமும் பாப்பா சமாசாரமும் நான் இட்டுக்கட்டியவை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அக்கா, ஆகஸ்ட்ல நீங்க ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினதுக்கு இன்னிக்குத்தான் பதில் எழுதறேன். அன்னிக்கே படிச்சுட்டேன். நிதானமா எழுதணும்னு எடுத்து வெச்சேன், நாள் ஓடிடுச்சு, அப்புறம் எழுதவே கூச்சமா போயிடுச்சு. தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்கக்கா.

அம்மா எழுந்து நடக்கறாங்கன்னு இப்பத்தான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். வாக்கர் வேணுமா, இல்ல கம்பு வெச்சே நடக்கறாங்களா? ராத்திரியெல்லாம் தூக்கமில்லைன்னு எழுதியிருந்தீங்க. இப்பவாவது தூங்கறீங்களா?

பாப்பாவைக் கேட்டிருந்தீங்க. எல்.கே.ஜி. முடிச்சுட்டா. முதல் மாசம் பூரா ஸ்கூல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுகை. இப்ப லீவு விட்டா மிஸ்ஸைப் பாக்கணும்னு அழறா. பேரை அவளே எழுதறா, ஒரு எழுத்து மட்டும் எப்பவும் திரும்பி நிக்குது. நான் நல்லா இருக்கேன். இன்னிக்கும் வவுச்சர் கட்டை முடிச்சதும் நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி கீழேருந்து மேல ஒரு தடவை கூட்டிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போடறேன்.

அவசரமில்லக்கா. முடியறப்ப அம்மா எப்படி இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க."

இதில் மன்னிப்பு எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது பாருங்கள். முதல் பத்தியோடு முடிந்துவிட்டது, கடைசியில் மறுபடி தலைகாட்டவில்லை. அப்படி முடித்துவிடுவது அவசியம். நாம் நாலு இடத்தில் மன்னிப்புக் கேட்டால் அக்கா நாலு தடவை "பரவாயில்லம்மா" சொல்ல வேண்டியிருக்கும். கஷ்டப்பட்டவர் அவர், ஆறுதல் சொல்கிறவரும் அவரே என்று ஆகிவிடும். "நீங்க என் மேல கோபமா இருப்பீங்கன்னு தெரியும்", "என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் மன்னிப்பே கிடையாது" என்பவையும் இதே வகை. உருக்கமாகத் தோன்றும், ஆனால் சமாதானம் செய்யும் வேலையை எதிராளியிடம் தள்ளிவிடும்.

மன்னிப்பின் எந்தப் பகுதிக்கு வலு அதிகம் என்று அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடனிருந்தவர்களும் 755 பேரை வைத்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். வருத்தம் தெரிவிப்பது, காரணம் சொல்வது, தப்பு என் மேல் என்று ஒப்புக்கொள்வது, இனி நடக்காது என்பது, சரிசெய்கிறேன் என்பது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது என்று ஆறாகப் பிரித்துப் பார்த்ததில், ஒப்புக்கொள்வதுதான் முதலில் நின்றது. அடுத்தது சரிசெய்ய முன்வருவது. "மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பது கடைசி. அவர்கள் பார்த்தது வேலை சம்பந்தமான தவறுகளை, ஆட்களும் நம்மூர்க்காரர்கள் இல்லை, ஆகவே அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நம்மூரில் ஒரு மூத்தவரிடம் அந்தச் சொல்லே இல்லாமல் எழுதினால் திமிர் போலப் படும். ஆனால் வரிசை சரி என்றே என் அனுபவமும் சொல்கிறது. "தப்பு என் மேலதான்" என்பது முதலில், "மன்னிச்சிடுங்க" அதன் பின்னால். மேலே உள்ள மெசேஜில் சரிசெய்வது எது என்று கேட்டால், அம்மாவையும் தூக்கத்தையும் பாப்பாவையும் பற்றிய வரிகள்தான்.

எந்தச் சொல்லில் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். "தாமதத்திற்கு மன்னிக்கவும்" என்றால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். "ஸாரிக்கா" என்பது பத்து நிமிடத் தாமதத்துக்குச் சொல்வது, 8 மாதத்தைத் தாங்காது. நீங்களும் அக்காவும் நேரில் எப்படிப் பேசுவீர்களோ அந்தப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். "தங்கள்", "நலமறிய ஆவல்" எல்லாம் வேறொரு உறவுக்கு. உங்கள் பழைய சாட்டில் மேலே தள்ளிப் போய், இதற்கு முன் அவரிடம் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். "வாங்க போங்க" என்று எழுதியிருந்தால் அதுவே. இடைவெளி விழுந்துவிட்டதே என்று மரியாதையைக் கூட்டினால் அதுவே விலகலாகத் தெரியும்.

காரணம் சொல்வதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். "கொஞ்சம் பிஸியா இருந்துட்டேன்" என்ற வரி அநேகமாக எல்லோருக்கும் முதலில் கையில் வரும். அதை அக்கா எப்படிப் படிப்பார்? 8 மாதத்தில் ஐந்து நிமிடம் கூடக் கிடைக்கவில்லையா? நடுவில் பொங்கல் படம் அனுப்ப நேரம் இருந்ததே? பிஸி என்பது எல்லோருக்கும் பொதுவான பொய்யாகிவிட்டதால் அதில் உண்மை இருந்தாலும் ஏறாது. உண்மையான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நிதானமாக எழுதலாம் என்று வைத்தீர்கள்; அதாவது அந்த மெசேஜ் உங்களுக்கு முக்கியமாகப் பட்டதால்தான் உடனே "ஓகேக்கா, டேக் கேர்" என்று போடாமல் தள்ளிவைத்தீர்கள். பிறகு தாமதமே ஒரு காரணமாகி, எழுதக் கூச்சமாகிவிட்டது. இதை இரண்டு வரியில் சொன்னால் யாருக்கும் புரியும், ஏனென்றால் இது நடக்காதவர்கள் குறைவு. பெருமை தருகிற காரணம் இல்லை இது. அதனால்தான் நம்புவார்கள்.

உண்மையிலேயே பெரிய காரணம் இருந்தால், அதாவது உங்களுக்கு உடம்பு முடியாமல் போயிருந்தாலோ வீட்டில் ஏதாவது நடந்திருந்தாலோ, அதை முதல் மெசேஜில் மன்னிப்போடு சேர்த்துக் கட்டாதீர்கள். சேர்த்தால் பேச்சு முழுவதும் உங்கள் கஷ்டத்தின் பக்கம் திரும்பிவிடும், அவருடைய அம்மா மறுபடியும் பின்னால் போய்விடுவார். "எனக்கும் நடுவுல கொஞ்சம் கஷ்டமான மாசங்கள், அப்புறம் சொல்றேன்" என்று ஒரு வரி விட்டுவைத்தால் அவரே கேட்பார்.

கடைசி வரியைக் கவனியுங்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது, அதுவும் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லக்கூடியது. "உங்க வாழ்க்கை எப்படிப் போகுது, எல்லாம் விவரமா எழுதுங்க" என்று கேட்டால், உங்களை 8 மாதம் உட்காரவைத்த அதே பாரத்தை அவர் தலையில் வைத்தது போலாகும். அவரும் "நிதானமா எழுதலாம்" என்று எடுத்து வைப்பார்.

இந்த மெசேஜில் உதவி எதுவும் கேட்கக் கூடாது. உங்களுக்குத் தேவை இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் பழைய சீனியரிடம் அனுபவச் சான்று, வேலைக்குச் சிபாரிசு, யாருடைய நம்பராவது என்று கேட்கும் சமயத்தில்தான் பலருக்கும் பழைய மெசேஜ் நினைவுக்கு வருகிறது. நாலு வரி பாசத்துக்குப் பிறகு "அப்புறம் ஒரு சின்ன ஹெல்ப்" என்று வந்தால் மேலே உள்ள நாலு வரியும் பொய்யாகிவிடும். அவசரமாகக் கேட்டே ஆக வேண்டும் என்றால், பாசத்தை முன்னால் விரிக்காமல், "அக்கா, உங்க மெசேஜுக்கே பதில் போடாம இப்ப ஒரு உதவி கேக்க வந்திருக்கேன், எனக்கே கஷ்டமா இருக்கு" என்று உள்ளதைச் சொல்லிக் கேட்டுவிடுவது மேல்.

இப்போது அனுப்பும் முறை. மெசேஜை வாட்ஸப்பிலேயே அடிக்காமல் போனின் நோட்ஸில் எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீங்கள் அவரிடம் பேசுகிற மாதிரி காதில் விழாத வரி எது என்று அப்போது தெரிந்துவிடும். அனுப்பிய பிறகு 15 நிமிடம் வரை திருத்தலாம், ஆனால் திருத்தப்பட்டது என்று அதில் தெரியும். அழித்தாலும் அழித்த தடம் நிற்கும். 8 மாதம் கழித்து வருகிற மெசேஜில் அந்தத் தடம் வேண்டாமே. அனுப்பும்போது அவருடைய பழைய மெசேஜை வலப்பக்கம் இழுத்து, அதற்கான பதிலாகவே அனுப்புங்கள். உங்கள் மெசேஜின் தலையில் அவர் எழுதிய வரிகள் சிறிதாகத் தெரியும். எதற்கு மன்னிப்பு, எதற்குப் பதில் என்று அவர் தேட வேண்டியதில்லை, நீங்கள் அதைத் தேடிப் போயிருக்கிறீர்கள் என்பதும் தெரியும். நேரம் பகல் அல்லது முன்மாலையாக இருக்கட்டும். நோயாளி இருக்கிற வீட்டில் ராத்திரி 11 மணிக்குப் போன் ஒலித்தால் முதலில் பயம்தான் வரும்.

குரல் மெசேஜ் அனுப்பலாமா என்று பலர் கேட்பதுண்டு. உங்கள் குரலில் இருக்கும் தயக்கமே பாதி மன்னிப்பு என்பது உண்மைதான். ஆனாலும் முதல் மெசேஜாக அது வேண்டாம். எழுத்தை ஆபீஸ் மேஜையிலும் பஸ்ஸிலும் நிமிடத்தில் பார்த்துவிடலாம். குரலுக்குத் தனியிடம் வேண்டும். "அப்புறம் கேக்கலாம்" என்று அவர் தள்ளிவைக்க நேரிடும். அவர் பதில் எழுதிய பிறகு, பாப்பாவை ஒரு வார்த்தை பேசவிட்டு அனுப்புங்கள்.

சரி, விசாரித்ததில் அம்மா தவறிவிட்டார்கள் என்று தெரிந்தால்?

அப்போது மேலே எழுதியது எதுவும் உதவாது. மெசேஜே வேண்டாம். கூப்பிடுங்கள். "அக்கா, அம்மா விஷயம் இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நீங்க ஆஸ்பத்திரியிலிருந்து எழுதினப்பவே நான் கூப்பிட்டிருக்கணும்." இவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பின் அவர் பேசுவார், அல்லது அழுவார், அல்லது கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருப்பீர்கள். நம் வழக்கத்தில் துக்கம் விசாரிப்பது என்றால் நடந்ததைக் கேட்டுக்கொள்வதுதான். எப்போது மூச்சுத் திணறியது, யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார்கள் என்று அவர் பல பேரிடம் சொன்னதை உங்களிடமும் முதலிலிருந்து சொல்லலாம். குறுக்கே போகாமல் கேளுங்கள். பொங்கல் படத்தைப் பற்றி, "தெரியாம வாழ்த்து வேற அனுப்பிட்டேன்க்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். உங்கள் 8 மாதத்தை விளக்குவதற்கு இது இடமே இல்லை.

போனை எடுக்கவில்லை என்றால் உடனே இன்னொரு தடவை அடிக்காமல், "அக்கா, அம்மா தவறின விஷயம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உங்க குரலைக் கேக்கணும்னு கூப்பிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் மறுபடி கூப்பிடறேன்" என்று மட்டும் எழுதிவிட்டு, சொன்ன நேரத்தில் கூப்பிடுங்கள். ஒரே ஊரானால் நேரில் போங்கள். காரியம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். பதினாறாம் நாள் வரைதான் வீடு நிறைய ஆட்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் குறைவு. போய்விட்டுக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லும் வழக்கம் அந்த வீடுகளில் இல்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் வருடம் முடிவதற்குள் போவதால் அதையும் நினைவில் வையுங்கள்.

விசாரித்தும் ஒன்றும் தெரியவில்லை, பொதுவான ஆட்களே இல்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. முதல் பத்தி அப்படியே இருக்கட்டும். அதன் பின், "அம்மா எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியலை. அதைக்கூடத் தெரிஞ்சுக்காம இருந்துட்டேன். உங்களுக்கு எப்ப சௌகரியம்னு சொல்லுங்க, கூப்பிடறேன்" என்று எழுதுங்கள். எழுந்து நடக்கிறார்களா, கம்பா வாக்கரா என்பதெல்லாம் வேண்டாம். பாப்பா கேட்டை விடாமல் அழுத கதையும் அந்தப் போன் பேச்சுக்குப் பிறகுதான்.

இனி, அனுப்பிவிட்டீர்கள். பெரும்பாலும் நீங்கள் பயப்படுவதைவிட நல்லபடியாகவே முடியும். ரொம்ப நாள் தொடர்பில்லாத ஒருவர் தாமாக எழுதினால், எழுதுகிறவர் எதிர்பார்ப்பதைவிடப் பெறுகிறவருக்குச் சந்தோஷம் அதிகம் என்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியு குழுவினர் 2022-ல் எழுதியிருக்கிறார்கள். 5,900 பேருக்கு மேல் கலந்துகொண்ட 13 ஆய்வுகள் அவை. எதிர்பாராமல் வருவது என்பதே அந்தச் சந்தோஷத்தைக் கூட்டுகிறதாம். ஆனால் அந்த ஆட்களிடையே பதில் போடாத மனத்தாங்கல் இருந்ததா என்பது வேறு விஷயம். உங்கள் அக்காவுக்கு வருத்தம் இருக்க நியாயம் இருக்கிறது, அதற்கும் இடம் கொடுக்க வேண்டும்.

அவர் "நல்லா இருக்கோம்" என்று இரண்டே சொல்லில் முடித்தால், அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு "இன்னும் கோபமாக்கா?" என்று கேட்காதீர்கள். "சந்தோஷம்க்கா, அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க" என்று நிறுத்தி, ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் ஒன்றோடு போங்கள். அவர் பிடிவாதமாகக் குடிக்கும் அந்த டீக்கடை இன்னும் இருக்கிறது என்று ஒரு படம், அவர் சொல்லிக் கொடுத்தது கைகொடுத்த ஒரு சம்பவம். பழைய நெருக்கம் பெரிய பேச்சில் திரும்பாது, இந்த மாதிரிச் சின்னச் சின்ன மெசேஜ்களில்தான் திரும்பும். நீல டிக் விழுந்தும் பதிலே இல்லை என்றால், மூன்று நாலு வாரம் விட்டு ஒரே ஒரு தடவை, மன்னிப்பு எதுவும் இல்லாமல், லேசாக எழுதிப் பாருங்கள். அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் 8 மாதம் எடுத்துக்கொண்டீர்கள். அவருக்கும் தன் நேரம் வேண்டியிருக்கலாம். நடுவில் கேள்விக்குறி மட்டும் அனுப்புவது, பொதுவான ஆள் மூலம் "என் மெசேஜைப் பாத்தாங்களா" என்று தூது விடுவது இரண்டும் வேண்டாம்.

அவர் "அடி பைத்தியம், இதுக்குப் போயா இவ்ளோ யோசிச்ச" என்று உடனே எழுதினால், அன்றைக்கே பதில் போடுங்கள், நாலு சொல்லானாலும். இந்த இரண்டாவது பதிலில்தான் பலர் மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள். பாரம் இறங்கிய நிம்மதியில் போனை வைத்துவிட்டு, அடுத்த பதில் மீண்டும் ஒரு மாதம் தள்ளிப் போய்விடும். அப்படி நடக்காமல் இருக்க, முதல் மெசேஜை அனுப்பும் முன்பே பாப்பாவின் நோட்டில் அந்தத் திரும்பி நிற்கும் எழுத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்கா எழுதிய உடனே அனுப்ப அது தயாராக இருக்கும்.